கதையில் திரும்பிய குரல்

*டாக்டருக்கு வணக்கம். நான் எப்போதாவது சிறுகதை எழுதுகிறவள். புதிதாக எழுதியதில் ஒரு கிராமத்து டீக்கடைக்காரர் வருகிறார். பெயர் வைக்கவில்லை, எல்லாரும் ‘மாஸ்டர்’ என்றே கூப்பிடுவார்கள். ஊர்த் திருவிழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, காலையில் கடை திறந்து ‘பால் வந்தாச்சா?’ என்று கேட்க வாயைத் திறக்கிறார். காற்றுதான் வருகிறது. இரண்டு நாளாக லேசான சளி இருந்தது, அவ்வளவுதான். நாலு நாள் எல்லாரிடமும் கிசுகிசுப்பாகவே பேசி வியாபாரம் செய்கிறார். சூடாக எதையாவது குடிக்கிறார், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கிறார், ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் அலுத்துப்போய்க் கடையைச் சாத்திவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக நாள் முழுக்கத் தூங்குகிறார். திருவிழா அன்று காலை குரல் மணி மாதிரி திரும்பி வருகிறது. அன்று இரவு வரை கூவிக் கூவி விற்கிறார். கதை அங்கே முடிகிறது.*

*படித்த தோழி, ‘டாக்டர் யாராவது படித்தால் சிரிப்பார்’ என்றாள். தூங்கி எழுவதற்குள் குரல் போகுமா? கிசுகிசுப்பாகப் பேசுவது ஓய்வுதானே? ஒரு நாள் தூக்கத்தில் திரும்புமா? ஊசி போட்டுச் சரிசெய்வதாக மாற்றினால் நம்பும்படி இருக்குமா?*

*ஒன்று சொல்லிவிடுகிறேன். மாஸ்டர் என் அப்பாதான். இது நடந்து ஏழு வாரம் ஆகிறது. நிஜத்தில் குரல் அப்படித் திரும்பவில்லை. காலையில் பரவாயில்லை, சாயங்காலம் ஆனால் கம்மிப்போகிறது. கதைக்கு அது நன்றாக இல்லை என்று மாற்றிவிட்டேன். அப்பாவுக்கு 54 வயது. சிகரெட்டை விட்டு மூன்று வருடம். ‘வயசாகுதுல்ல’ என்கிறார்.*

*— பெயர் வெளியிட விரும்பாத வாசகி*

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்ட நாலு கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் கடைசியில் எழுதியதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அப்பாவை இந்த வாரமே ஒரு காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பயந்து ஓட வேண்டாம், தள்ளியும் போட வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், அது கதையோடு சேர்ந்தே வருகிறது.

சரி, கதைக்கு வருவோம். நான் சிரிக்கவில்லை. முதல் காட்சி அப்படியே இருக்கலாம்.

தூங்கி எழுவதற்குள்

குரல்வளைக்குள் ‘குரல் நாண்கள்’ என்று நாங்கள் சொல்வது உண்மையில் நாண் மாதிரி இருக்காது. இரண்டு சிறிய சதை மடிப்புகள் அவை. வளர்ந்த ஆணுக்கு ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். நாதஸ்வரத்தின் சீவாளியில் இரண்டு மெல்லிய இதழ்கள் நடுவில் காற்று போய் அவை படபடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் வேலை அதேதான். சாதாரணமாகப் பேசும்போது ஆணின் குரல் நாண்கள் நொடிக்கு சுமார் 120 தடவை ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. ஒரு மணி நேரம் ஓசை எழுப்பினால் நாலு லட்சத்துக்கும் மேல் மோதல். கத்தும்போது எண்ணிக்கையும் கூடும், மோதலின் வேகமும் கூடும்.

சளி பிடித்தால் இந்த மடிப்புகளும் வீங்கும். பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். வீங்கிய மடிப்பு கனத்துப்போகிறது, அதனால் குரல் முதலில் தடித்து, கரகரத்து இறங்குகிறது. இன்னும் வீங்கினால் ஓரங்கள் ஒழுங்காகச் சேராது, படபடக்கவும் மாட்டாது. நடுவில் காற்று மட்டும் போகும். உங்கள் மாஸ்டரின் வாயிலிருந்து வந்ததே, அந்தக் காற்றுதான். மூக்கடைப்போடு ராத்திரி முழுக்க வாயால் மூச்சு விட்டுத் தூங்கினால் மடிப்புகள் காய்ந்தும் போகும். ஆகவே முந்தின நாள் ‘லேசா கட்டியிருக்கு’ என்று சொன்னவர் மறுநாள் காலை ஊமையாக எழுந்திருப்பது நடக்கிற விஷயம்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவருக்குக் குரல் போனது தூக்கத்திலா, கத்திக்கொண்டிருக்கும்போதா? தெருக்கோடியில் போகிறவரை உரக்கக் கூப்பிட்டு, அந்தக் கூப்பாட்டின் நடுவிலேயே ‘டக்’ என்று குரல் அறுந்தால் அது வேறு கதை. மடிப்புக்குள் ஒரு சிறு ரத்தக்குழாய் வெடித்துக் கசிந்திருக்கலாம். பெரிதாக வலி இருக்காது. அதனாலேயே யாரும் கண்டுகொள்வதில்லை. அந்த நிலையில் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது, அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். வலிக்கு வழக்கமாகப் போட்டுக்கொள்கிற ஆஸ்பிரின் மாத்திரைகூட ரத்தக் கசிவைக் கூட்டும் (இதயத்துக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது). கதையில் நீங்கள் காலை நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். நிஜத்தில் எப்போது போனது என்று அப்பாவைக் கேட்டு வையுங்கள். அங்கே போனதும் மருத்துவர் கேட்கப்போகிற முதல் சில கேள்விகளில் அது ஒன்று.

நாலு நாள் கிசுகிசுப்பு

கதையில் நான் நிஜமாகவே முகம் சுளித்த இடம் இது. கிசுகிசுப்பில் ஓசை இல்லாததால் அது ஓய்வு என்று ஏறக்குறைய எல்லாருமே நினைக்கிறார்கள். காதருகே குனிந்து மெல்லச் சொல்கிற ரகசியத்தால் பெரிய கேடு இல்லைதான். சிலருக்கு அது குரல்வளையைக் கொஞ்சம் தளர்த்தக்கூடச் செய்கிறது. ஆனால் பாய்லரும் அடுப்பும் இரைகிற இடத்தில், மேடைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்குக் கேட்கும்படி கிசுகிசுக்க வேண்டுமென்றால்? அங்கே பலரும் தங்களை அறியாமல் மடிப்புகளையும் அவற்றுக்கு மேலே உள்ள தசைகளையும் இறுக்கி, இடுக்கு வழியாகக் காற்றை வேகமாகத் தள்ளுகிறார்கள். வீங்கிய மடிப்பு மேலும் காய்கிறது, சுற்றியுள்ள தசை களைத்துப்போகிறது. சந்தேகமிருந்தால் உங்கள் கழுத்தின் முன்பக்கத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, அறையின் அந்தக் கோடியில் இருப்பவருக்குக் கேட்கிற மாதிரி கிசுகிசுத்துப் பாருங்கள். விரலுக்கு அடியில் இறுகுவது தெரியும்.

அதைவிட மோசம், இந்த இறுக்கம் பழக்கமாகிவிடும். சளி போய், வீக்கம் வடிந்து, மடிப்புகள் சரியான பிறகும் சிலர் அதே இறுக்கத்தோடு பேசிக்கொண்டிருப்பார்கள். குரல்வளைக்குள் பார்த்தால் எந்தப் புண்ணும் இருக்காது, குரல் மட்டும் நாளின் முடிவில் கம்மிப்போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அப்பாவிடம் வரும்போது தேவைப்படும்.

செருமலும் இதே ரகம். ‘க்ஹ்ம்’ என்று தொண்டையைச் சரிசெய்துகொள்கிற ஒவ்வொரு தடவையும் இரண்டு மடிப்புகளையும் அறைந்து சாத்துகிறோம். செருமத் தோன்றினால் ஒரு வாய் தண்ணீரை விழுங்குவதுதான் சரி.

கொப்பளிப்பதைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் கதையில் வருவதால் சொல்கிறேன். நாம் விழுங்குகிற எதுவும் குரல் நாண்களைத் தொடாது. தொட்டால் புரையேறி இருமித் தீர்த்துவிடுவோம். உணவு ஒரு பாதையில் போகிறது, குரல் நாண்கள் மூச்சுப் பாதையின் வாசலில் இருக்கின்றன, விழுங்கும்போது அந்த வாசல் சாத்திக்கொள்கிறது. சூடான பானமும் உப்புத் தண்ணீரும் தொண்டையின் மேல்பகுதிக்கு இதமாக இருக்கும். அது பொய் இல்லை, ஆனால் வீங்கிய இடத்துக்கு அவை போய்ச் சேரவில்லை. தண்ணீர் குடிப்பது உதவும், ஆனால் அது குடலில் சேர்ந்து, ரத்தத்தில் கலந்து, உள்ளிருந்து ஈரம் கொடுக்கிற சமாசாரம். சில மணி நேரமாவது ஆகும். மடிப்புகளை நேரடியாகத் தொடுவது நாம் மூச்சில் இழுக்கிற காற்று மட்டும்தான். ஆகவே கொப்பளிக்கிற நேரத்தில் மாஸ்டர் அடுப்புப் புகையை விட்டு நாலடி தள்ளி நின்றிருந்தால் அதிகம் பலன் கிடைத்திருக்கும்.

ஊசி போட்டுக்கொள்ளலாமா

உங்கள் நாலாவது கேள்வி. ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ வீக்கத்தைச் சீக்கிரம் வடிக்கும் என்பது உண்மை. மேடையில் பாடியே ஆக வேண்டிய பாடகர்களுக்குச் சில சமயம் கொடுக்கிறோம். ஆனால் அதற்கு முன்னால் குரல்வளைக்குள் கருவியை விட்டு மடிப்புகளைப் பார்க்காமல் கொடுப்பதில்லை. உள்ளே ரத்தம் கசிந்திருந்தால், ஊசியால் வந்த தைரியத்தில் அவர் கத்தும் கத்தில் காயம் பெரிதாகிவிடும். ஊசி குரலைக் கடன் வாங்கித் தருகிறது, வீங்கிய மடிப்பு வீங்கியதை மறந்து வேலை செய்கிறது. சர்க்கரை நோய் இருப்பவருக்கு ரத்தச் சர்க்கரை ஏறும் என்பது தனி. ஆன்டிபயாடிக் மாத்திரையால் இந்த மாதிரி வைரஸ் வீக்கத்துக்குப் பயனில்லை.

இந்தக் கணக்கில் மாஸ்டருக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. பாடகரிடம் குரல்தான் சரக்கு, மாஸ்டரிடம் சரக்கு டீ. அவருக்கு அன்றைக்குக் குரல் நிஜமாகவே வேண்டுமா? இந்தக் கேள்வியைக் கதையில் யாருமே கேட்கவில்லை. எனக்கு அங்கேதான் கதை இருக்கிறது என்று தோன்றுகிறது.

ஐந்தாம் நாள் தூக்கம்

தூங்கி எழுந்ததும் குரல் திரும்பியது என்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சளி தொடங்கி இரண்டு நாள் கழித்துக் குரல் போனது. அங்கிருந்து ஐந்து நாள். மொத்தம் ஏழு. இந்த மாதிரி வீக்கம் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். அவர் தூங்கியதால் கெடுதல் இல்லை, ஒரு நாள் பேசாமல் இருந்ததே லாபம். ஆனால் குரல் திரும்பிய பெருமையில் தூக்கத்துக்குச் சின்னப் பங்குதான், நாட்களுக்குத்தான் பெரிய பங்கு. முதல் நாளே வாயை மூடியிருந்தால் முன்னாலேயே திரும்பியிருக்கலாம்.

மணி மாதிரி திரும்புவதையும் நான் ஒப்ப மாட்டேன். முக்கால்வாசிக் குரல் திரும்பும், அதுவும் சீக்கிரம் களைக்கும். அந்தக் குரலை வைத்துக்கொண்டு இரவு வரை கூவுகிறார் பாருங்கள், கதையின் மகிழ்ச்சியான அந்தக் கடைசிப் பத்திதான் எனக்குக் கவலை தந்த இடம். இன்னும் வீக்கம் முழுதாக வடியாத மடிப்பில் ஒரு நாள் முழுக்கக் கத்தினால், உள்ளே ரத்தம் கட்டி, பிற்பாடு அதுவே ஒரு சிறு கொப்புளம் மாதிரித் தொங்கிக்கொண்டு நின்றுவிடலாம். ‘பாலிப்’ என்போம். அதற்கு வருடக்கணக்கில் கத்த வேண்டியதில்லை, சில சமயம் ஒரே நாள் கத்தல் போதும்.

மாஸ்டருக்கு நான் எழுதிக்கொடுத்திருக்கக்கூடியது

குரல் ஓய்வு என்றால் படுத்துக்கிடப்பது என்று நினைக்கிறோம். அவர் கடையைச் சாத்த வேண்டிய அவசியமே இல்லை. டீ ஆற்றக் கைதான் வேண்டும். முதல் நாள் காலையிலேயே என்னிடம் வந்திருந்தால், அவரை நான் கேட்டிருப்பேன்: உங்கள் ஒரு நாளில் வார்த்தைகள் எங்கே செலவாகின்றன?

யோசித்தால் நாலைந்து இடம்தான் வரும். எத்தனை டீ என்று கேட்பது. யாருக்கு எது என்று கூப்பிட்டுக் கொடுப்பது. காசு சொல்வது. பால்காரரையும் கூட நிற்பவர்களையும் அதட்டுவது. அப்புறம் அரட்டை. இதில் முதல் நாலையும் ஒரு மணி நேரத்தில் வாயிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடலாம். வருகிறவர்கள் விரலைக் காட்டட்டும். டீ தயாரானால் கரண்டியால் கிளாஸில் இரண்டு தட்டு. கல்லாவில் வேறு ஒருவர் உட்காரட்டும். அதட்டல் ஒரு வாரம் இல்லாவிட்டால் கடை கெட்டுப்போகாது.

கஷ்டமானது அரட்டைதான். குரல் போன நாளில்தான் அது இரட்டிப்பாகும். வருகிற ஒவ்வொருவரும் ‘என்னாச்சு மாஸ்டர்?’ என்பார், ஒவ்வொருவருக்கும் அவர் கிசுகிசுப்பாகப் பதில் சொல்வார். நூறு பேர் வந்தால் நூறு தடவை. இதற்கு ஒரு பலகை போதும்: ‘தொண்டை கட்டிவிட்டது. பேச முடியாது. டீ உண்டு.’ உங்கள் கதையில் நான் ஒரு காட்சி சேர்ப்பதாக இருந்தால் அந்தப் பலகையைத்தான் சேர்ப்பேன். பேசாத மாஸ்டரைப் பார்த்து ஊர் என்னென்ன பேசும் என்பது எழுத்தாளர் பாடு.

முதல் இரண்டு நாள் முழு மௌனம், அவசரத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை, அதுவும் கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம், கிசுகிசுப்பாக இல்லாமல் மெல்லிய சாதாரணக் குரலில். கனமான பாத்திரத்தை ‘ஹ்ம்’ என்று முக்கித் தூக்க வேண்டாம். மூச்சை அடக்கித் தூக்கும்போது குரல்வளை வாசல் இறுக்கிச் சாத்திக்கொள்கிறது, வீங்கிய மடிப்பின் மேல் அந்த அழுத்தம் முழுவதும் விழும்.

மூன்றாம் நாள் காலை, வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று மெதுவாக ஒரு முனகல். ஓசை சிரமமில்லாமல் எழுந்தால் நல்லது. அறுந்து அறுந்து வந்தால் அன்றைக்கும் மௌனம். நாலாம், ஐந்தாம் நாளில் ஒரு பயிற்சி. மாஸ்டரிடம் இதற்கு வேண்டிய கருவிகள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு டீ கிளாஸில் பாதி தண்ணீர், ஒரு ஸ்ட்ரா. ஸ்ட்ராவின் நுனி இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீருக்குள் இருக்கும்படி வைத்து, ‘ஊ’ என்று மெல்லிய ஓசையோடு ஊத வேண்டும், குமிழி விடாமல் வர வேண்டும். இரண்டு நிமிடம், நாளுக்கு நாலைந்து தடவை. ஸ்ட்ராவில் காற்று தடைபட்டுத் திரும்பித் தரும் அழுத்தம், மடிப்புகள் ஒன்றையொன்று அறையாமல் மென்மையாக அதிர உதவுகிறது. பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். குரலைத் தொழிலாக வைத்திருக்கிறவர்கள் நிஜமாகவே செய்கிற பயிற்சி இது. ரத்தக் கசிவு இல்லை என்று தெரிந்தால் மட்டும்.

இனி திருவிழா நாள். அன்றைக்கு அவர் எதிரி கூட்டம் இல்லை, ஒலிபெருக்கி. சத்தம் நிறைந்த இடத்தில் நாம் தீர்மானிக்காமலே நம் குரல் உயரும். பிரெஞ்சு மருத்துவர் எதியேன் லோம்பார் 1911-ல் இதைப் பதிவு செய்தார், அவர் பெயராலேயே இதைச் சொல்கிறோம். ‘இன்றைக்குக் கத்த மாட்டேன்’ என்று சபதம் எடுத்துப் பயனில்லை என்பதே இதன் அர்த்தம். சத்தம் இருக்கும்வரை வாய் தானாக உயர்த்திவிடும். சபதத்துக்குப் பதில் இடத்தை மாற்ற வேண்டும். ஒலிபெருக்கிக்குப் பக்கவாட்டில், முடிந்தவரை தள்ளி டீ மேடையைப் போடுவது. தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடுவதற்குப் பதில் நாலடி நடந்துபோய்ச் சொல்வது. தூரம் பாதியானாலே காதுக்குப் போய்ச் சேருகிற ஒலி கணிசமாகக் கூடிவிடும், அவ்வளவும் குரலுக்கு மிச்சம். மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் வாய் மூடல். கூவி அழைக்கிற வேலையை இளம் தொண்டை யாருக்காவது கொடுத்துவிடலாம்.

கடையைக் கட்டிய பிறகு இன்னொரு விஷயம். டீக்கடைக்காரர்கள் நாள் முழுக்க டீயிலேயே வண்டி ஓட்டி, இரவு தாமதமாகச் சாப்பிட்டு அப்படியே சாய்ந்துவிடுவார்கள். டீ குடிப்பதால் தொண்டை வறண்டுவிடும் என்பது மிகைப்படுத்தல்தான், சாதாரண அளவில் அது உடம்பை வறட்டாது. ஆனால் நிறைந்த வயிற்றோடு படுத்தால் இரைப்பை அமிலம் குரல்வளை வரை ஏறி எரிச்சல் கொடுக்கலாம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் இருப்பது நல்லது.

இனி அப்பா

சளியால் போன குரல் ஏழு வாரம் இழுக்காது. குரல் மாற்றம் நாலு வாரத்துக்குள் சரியாகவில்லை என்றால் குரல்வளையை உள்ளே பார்த்தாக வேண்டும் என்பதுதான் எங்கள் துறையில் பின்பற்றுகிற வரம்பு. புகைத்தவராக இருந்தால் அதற்கும் முன்பே பார்க்கச் சொல்வோம். அப்பா விஷயத்தில் இரண்டுமே இருக்கிறது. சிகரெட்டை விட்டது அவர் செய்த மிக நல்ல காரியம், ஆபத்து வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வரும். மூன்று வருடத்தில் அது முழுதாகப் போய்விடாது.

‘வயசாகுதுல்ல’ என்பதையும் பார்ப்போம். வயதால் மடிப்புகள் மெலிந்து குரல் பலவீனமாவது உண்டு, ஆனால் அது வருடக்கணக்கில் மெல்ல நடப்பது. ஒரு குறிப்பிட்ட வாரத்தில் தொடங்காது. 54 அதற்குச் சீக்கிரமும்கூட.

காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் கம்முகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே சொன்ன இறுக்கப் பழக்கத்தில் இப்படித்தான் இருக்கும். சிறு பாலிப் இருந்தாலும் இப்படியே இருக்கலாம். நல்ல வாய்ப்பு இவற்றில் ஒன்றாக இருப்பதற்குத்தான். முன்னதென்றால் பேச்சு சிகிச்சை நிபுணரிடம் சில வாரப் பயிற்சி. பின்னதென்றால் பயிற்சி, தேவைப்பட்டால் சிறு அறுவை. ஆனால் வெளியிலிருந்து குரலை மட்டும் கேட்டு, இது இதுதான் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. மடிப்பில் வருகிற புற்றுநோயும் முதலில் காட்டுவது வெறும் கரகரப்பைத்தான். அது சீக்கிரமே குரலைக் கெடுத்துவிடுவதால் சீக்கிரமே பிடிபடும், தொடக்கத்தில் பிடிபட்டால் மிகப் பெரும்பாலும் குணமாகும். அந்த அனுகூலத்தை வீணாக்காமல் இருக்கத்தான் இந்த வாரம் என்றேன்.

பரிசோதனை பெரிய காரியமில்லை. மூக்கில் மரத்துப்போகும் மருந்து தெளித்து, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, ‘ஈ’ சொல்லச் சொல்வார்கள். சில நிமிடங்கள். கொஞ்சம் கண்ணீர் வரும், அன்றே கடை திறக்கலாம். அதற்கு முன்னால் யாராவது அமில மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ கொடுத்து ‘ஒரு மாதம் பார்க்கலாம்’ என்றால், உள்ளே பார்த்த பிறகு சாப்பிடுகிறோம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. மூச்சு விடச் சிரமம், மூச்சிழுக்கும்போது விசில் மாதிரிச் சத்தம், எச்சிலைக்கூட விழுங்க முடியாத நிலை, இவற்றில் ஒன்று வந்தாலும் இந்த வாரம்கூட இல்லை, அந்த நிமிடமே மருத்துவமனை. சளியில் ரத்தம், கழுத்தில் கட்டி, விழுங்கும்போது வலி, ஒரு பக்கக் காதில் விடாத வலி, காரணமில்லாமல் எடை குறைவது, இவை இருந்தால் முன்கூட்டியே சொல்லி அன்றைக்கே நேரம் கேளுங்கள்.

போகும்போது முடிந்தால் மாலை நேரமாகப் பாருங்கள், கம்மிய குரல் அப்போதுதான் கிடைக்கும். முடியாவிட்டால் ஒரு சாயங்காலம் அவர் பேசுவதை போனில் பதிவு செய்து எடுத்துப்போங்கள், பழைய வீடியோ ஏதாவது இருந்தால் அதையும். அப்புறம், உள்ளே போனதும் அப்பாவுக்காக நீங்கள் பேச ஆரம்பிக்காதீர்கள். இத்தனை விவரமாக எழுதத் தெரிந்த மகள் கண்டிப்பாக ஆரம்பிப்பீர்கள். கேள்விக்கு அவரே பதில் சொல்லட்டும், மெதுவாக, தன் வழக்கமான குரலில். அங்கே உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கு முதலில் கேட்க வேண்டியது அந்தக் குரல்தான்.